புனலின் அடியில் ஒன்றுமே இல்லையா? பேர்மன் சோதனை தவறும் இடங்கள்

பேர்மன் 1917இல் இந்த முறையை வெளியிட்டபோது அவர் தேடியது மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு லார்வாக்களை. இன்று அதே புனலை, புதிதாக எடுத்த மலத்திலிருந்து ஸ்ட்ராங்கிலாய்டஸ் லார்வாக்களையும் நுரையீரல் புழுக்களின் லார்வாக்களையும் பிரித்தெடுக்கப் பயன்படுத்துகிறோம். ஸ்ட்ராங்கிலாய்டஸை நூல்புழு என்று சொல்வதால் ஒரு குழப்பம் வருவதுண்டு. ஆசனவாயைச் சுற்றி அரிப்பு உண்டாக்கும் கீரிப்பூச்சியையும் சிலர் அதே பெயரில் சொல்கிறார்கள். அது இந்தச் சோதனையில் வராது.

செய்முறை எளிது. காஸ் துணியில் சுமார் 10 கிராம் மலத்தைப் பொட்டலமாகக் கட்டி, வெதுவெதுப்பான நீர் நிரம்பிய புனலில் பாதி மூழ்கும்படி தொங்கவிடுகிறோம். புனலின் அடியில் ரப்பர் குழாய், அதன் நுனியில் கிளிப். உயிருள்ள லார்வாக்கள் நெளிந்து துணியைத் தாண்டி நீருக்குள் வரும். நீரில் நெளிய முடிந்தாலும் அவற்றால் மேல்நோக்கி நீந்த முடியாது. அதனால் மெல்ல மெல்லக் கீழே இறங்கி கிளிப்புக்கு மேலே சேரும். கிளிப்பைத் திறந்து அந்தச் சில மில்லிலிட்டரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறோம்.

மிதக்கவிடும் சோதனையில் முட்டை உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் மேலே வந்துவிடும். இங்கே அப்படி இல்லை. லார்வா தானாக வெளியே வந்தாக வேண்டும். கீழே நான் சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன: லார்வாவுக்கு நகரத் தெம்பு இருந்ததா, நகர்ந்தது கீழே இறங்க வழி இருந்ததா.

அறிகுறி 1: வண்டலில் ஒன்றுமே இல்லை

அதிகம் வரும் புகார் இது, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கண்ணாடிபோலத் தெளிந்த நீரைப் பார்த்துவிட்டு "புழு இல்லை" என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதும் முன் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை, நான் ஒருமுறை தடுமாறிய ஒரு நாய்க்குட்டியை வைத்தே சொல்கிறேன்.

மூன்று மாதக் குட்டி, பல நாய்களோடு ஒரே கூடத்தில் வளர்ந்தது. இளகிய மலம், நடுநடுவே இருமல். காலையில் எடுத்த மாதிரி எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததும் வழக்கம்போல ஃபிரிட்ஜில் போனது. மறுநாள் காலைதான் புனலில் வைத்தோம். இரவு முழுக்க வைத்தும் வண்டலில் ஒன்றுமில்லை.

அறிக்கை எழுதும் முன் நல்ல வேளையாக மீதி மாதிரி நினைவுக்கு வந்தது. துளி உப்புநீரில் கொஞ்சம் மலத்தைக் கரைத்து ஸ்லைடில் பார்த்தேன். அசைவே இல்லை. அதே ஸ்லைடின் ஓரத்தில் ஒரு துளி அயோடின் கரைசலை விட்டேன். அது பரவியதும் பழுப்பாகச் சாயம் ஏறிய இரண்டு லார்வாக்கள் குச்சிபோல நேராகக் கிடந்தன. அவை முன்பும் அங்கேதான் இருந்தன, அசையாமல் கிடந்ததால் குப்பையோடு குப்பையாகக் கண்ணிலிருந்து தப்பியிருக்கின்றன. அதாவது மலத்தில் புழு இருந்தது, புனலுக்கு வரத்தான் அதற்கு இயலவில்லை. ஸ்ட்ராங்கிலாய்டஸ் லார்வாவுக்குக் குளிர் ஆகாது. முட்டை தேடும் மாதிரிக்கு ஃபிரிட்ஜ் நல்லது, இந்த மாதிரிக்கு அது கெடுதல். ஃபார்மலினில் போட்ட மாதிரியும் இப்படித்தான்: அதில் லார்வா இருக்கலாம், நகர ஒன்றும் இருக்காது.

ஆகவே முதல் வேலை, புனலைச் சந்தேகிக்கும் முன் மாதிரியைச் சந்தேகிப்பது. எடுத்து எத்தனை மணி நேரம் ஆனது, எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். மீதியில் உப்புநீர்ப் பூச்சு ஒன்றும் அயோடின் பூச்சு ஒன்றும் பாருங்கள். அயோடினில் லார்வா தெரிந்து புனலில் வராவிட்டால், குறை மாதிரியின் உயிரிலோ புனலின் வழியிலோ இருக்கிறது. இரண்டிலும் இல்லையென்றால் எதையும் முடிவு செய்துவிட முடியாது, ஏனென்றால் பூச்சில் நாம் பார்ப்பது ஓரிரு மில்லிகிராம் மலம்தான்.

மறுநாள் குட்டியின் மலக்குடலிலிருந்து நேரடியாகப் புதிய மாதிரி எடுத்தோம். சுமார் 8 கிராம். அறை வெப்பத்திலேயே கொண்டுவந்து ஒரு மணி நேரத்துக்குள் புனலில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வண்டலைப் பார்த்தால் ஒரே ஒரு லார்வா, நன்றாகத் துடித்துக்கொண்டு. உயிருள்ள மாதிரியில் ஒன்றே ஒன்று என்பது எனக்கு உறுத்தியது. குனிந்து ரப்பர் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. புனலின் தண்டும் குழாயும் சேரும் இடத்தில் கடலை அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி, குழாயை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. மேலிருந்து இறங்கியவை அதன் முதுகில் தேங்கியிருக்க வேண்டும். குழாயை விரலால் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டதும் குமிழி மேலே கிளம்பிப் போனது. இழந்த நீருக்கு ஈடாக ஓரத்திலிருந்து கொஞ்சம் வெந்நீர் கலந்து நிரப்பினேன். மறுநாள் காலை அதே பொட்டலம் 30க்கு மேல் லார்வாக்களைத் தந்தது.

ஒரே பொட்டலம்தான், இடையில் மாறியது குமிழியும் நேரமும். நேரத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் குழாயில் முதலில் நீரை விட்டு, கிளிப்பைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, காற்று போய்விட்டதா என்று பார்த்த பிறகே பொட்டலத்தை வைக்கிறேன். பொட்டலத்தை இறக்கும்போதும் சாய்த்து இறக்க வேண்டும். நேராகப் போட்டால் அதன் அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தப் பக்கத்து மலம் நீரையே தொடாது.

வழியில் வரும் மற்ற தடைகளையும் சொல்லிவிடுகிறேன். மலத்தைப் பெரிய உருண்டையாகக் கட்டினால் நடுவில் உள்ளவை வெளியே வர நெடுநேரம் ஆகும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பிக் கட்டுங்கள். ஆடுகளின் புழுக்கையானால் லேசாக உடைத்துக்கொள்ளலாம். பொட்டலம் புனலின் சுவரில் ஒட்டிக் கிடந்தால் அந்தப் பக்கம் அடைபடும், குச்சியில் கட்டிப் புனலின் வாயில் குறுக்காகத் தொங்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் புனலில் லார்வாக்கள் சரிவிலேயே தங்கிவிடும். குழாயை நீளமாக விட்டு மடித்தால் மடிப்பில் தங்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று உண்டு: காலில் உட்புழையுள்ள உயரமான கூம்புக் கண்ணாடிக் குவளை. அதில் நீர் ஊற்றி, பொட்டலத்தை மேலே தொங்கவிட்டால் லார்வாக்கள் காலின் புழையில் சேரும். நீண்ட பைப்பட்டால் அடியிலிருந்து உறிஞ்சி எடுக்கலாம். ரப்பரும் கிளிப்பும் இல்லாததால் ஒழுகலும் இல்லை, குமிழியும் இல்லை. ஒருவர் புதிதாகத் தொடங்கினால் நான் இதையே சொல்வேன்.

நீரின் சூடு பற்றி ஒரு வார்த்தை. மனித மலத்தில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் தேடும்போது 40 டிகிரி செல்சியஸ் அளவு வெதுவெதுப்பு லார்வாக்களைத் தூண்டிவிடும், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே முதல் பார்வை பார்க்கலாம். கொதிநீர் கலந்து அவசரத்தில் அளவு தப்பினால் லார்வா பொட்டலத்துக்குள்ளேயே செத்துப்போகும். அதனால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கை வைத்துப் பார்ப்பது, குளிர்ந்த கைக்கும் சூடான கைக்கும் வேறு வேறு பதில் சொல்லும். நுரையீரல் புழு லார்வாக்கள் சற்று மந்தமானவை. அவற்றுக்கு வெதுவெதுப்பான நீரில் தொடங்கி அறை வெப்பத்தில் இரவு முழுக்க விட்டுவிடுவதே சரி. இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் வரவில்லை என்று கலைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, லார்வா வந்திருந்தும் நாம் பார்க்காமல் விடுவது. கிளிப்பைத் திறந்ததும் வரும் முதல் 5 முதல் 10 மில்லிலிட்டரே வேண்டும். அதைக் கூம்பு அடியுள்ள குழாயில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் நிறுத்துங்கள், அல்லது மெதுவான வேகத்தில் சில நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். மேல்நீரைப் பைப்பட்டால் உறிஞ்சி விட்டு அடியில் மிஞ்சும் ஓரிரு துளியை முழுவதும் பார்க்க வேண்டும், ஒரு துளியை மட்டும் அல்ல. 4 மடங்கு ஆப்ஜெக்டிவில் தொடங்குங்கள். மைக்ரோஸ்கோப்பின் மேடைக்கு அடியில் உள்ள ஒளித்திரையை நன்றாகச் சுருக்குங்கள். உயிருள்ள லார்வா கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவது. வெளிச்சம் அதிகமானால் அது கண்முன்னே நெளிந்தாலும் தெரியாது. இந்த ஒரு திருகைத் திருப்பியதும் "இல்லை" என்றது "இருக்கிறது" என்று மாறியதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 2: வண்டல் சேறாக இருக்கிறது, எதுவும் தெரியவில்லை

மலம் துணியைத் தாண்டி இறங்கிவிட்டது. நீர்த்த பேதியானால் இது இயல்புதான். காஸ் துணியை நான்கு மடிப்பாக்குங்கள், அல்லது உள்ளே ஒரு மெல்லிய டிஷ்யூத் தாளை வையுங்கள். டிஷ்யூவை லார்வா ஊடுருவி வந்துவிடும், மலத்துகள் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்காகத் தடித்த துணியோ நெருக்கமான நெசவோ வேண்டாம், அதில் லார்வாவும் நின்றுவிடும். பொட்டலத்தைப் பிழிவதும், புனலை நகர்த்துவதும், வைத்த பிறகு மேலிருந்து நீர் ஊற்றுவதும் சேற்றைக் கிளப்பும். நீர் சேர்க்க வேண்டியிருந்தால் சுவர் ஓரமாக வழியவிடுங்கள்.

ஏற்கெனவே சேறாகிவிட்டதென்றால் வீசிவிட வேண்டாம். அந்த வண்டலையே புதிய டிஷ்யூவில் ஊற்றி, சின்னக் குவளையில் வெதுவெதுப்பான நீரில் இரண்டாம் முறை வைத்தால் உயிருள்ளவை மறுபடியும் இறங்கி வரும்.

அறிகுறி 3: லார்வா இருக்கிறது, ஆனால் அசையவில்லை

வண்டலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் வரும்போது உயிரோடு இருந்தது என்று அர்த்தம், அல்லது மலத்துகளோடு விழுந்தது. பின்னதானால் சேறும் கூடவே இருக்கும். நீர் தெளிவாக இருந்து லார்வா அசையாமல் கிடந்தால், பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டது. வெறும் நீரில் நெடுநேரம் கிடந்த லார்வா உப்பிப்போய் உள்ளுறுப்புகள் மங்கிவிடும், அப்புறம் அது எந்த இனம் என்று சொல்வதே கடினம். 24 மணி நேரத்துக்கு மேல் போகவிடாதீர்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் சந்தேகமானால் இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை என்று இரண்டு தடவை எடுப்பது பாதுகாப்பு.

ஆனால் மாடுகளின் நுரையீரல் புழுவான டிக்டியோகாலஸ் விவிபாரஸின் லார்வா இயல்பிலேயே சோம்பலானது. சுருண்டு கிடக்கும், குடலில் கரும்பழுப்பு மணிகள் நிறைந்திருக்கும். அதைச் செத்ததாக எண்ணி ஒதுக்கிவிடாமல் ஸ்லைடைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள்.

அறிகுறி 4: லார்வா நிறைய இருக்கிறது, ஆனால் யாருடையது?

அசையும்போது அளவெடுக்கவும் முடியாது, வாலைப் பார்க்கவும் முடியாது. முதலில் அசைவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் அயோடின் ஒரு துளி. லார்வா செத்து நேராகும், உறுப்புகள் துலங்கும்.

எங்கள் நாய்க்குட்டிக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன. இருமலை வைத்துப் பார்த்தால் நாயின் நுரையீரல் புழுவான ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் வாசோரம், பேதியை வைத்துப் பார்த்தால் ஸ்ட்ராங்கிலாய்டஸ். முடிவைச் சொன்னது வால். ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் லார்வாவின் வால் நெளிந்து முடியும், அதன் முதுகுப்பக்கம் சின்ன முள் ஒன்று நீட்டியிருக்கும். எங்களுக்கு வந்தவற்றின் வால் நெளிவில்லாமல் சீராகக் கூம்பி முடிந்தது. நீளம் 250 மைக்ரானை ஒட்டி. வாய்க்குழி குட்டை. உடலின் நடுப்பகுதியில், வயிற்றுப்புறமாக, இனப்பெருக்க உறுப்பின் மொட்டு படகு வடிவில் எடுப்பாகத் தெரிந்தது. இந்தக் கடைசி இரண்டும்தான் ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஸ்டெர்கோராலிஸின் முதல் நிலை லார்வாவைக் கொக்கிப்புழு லார்வாவிலிருந்து பிரித்துக் காட்டுபவை. கொக்கிப்புழுவின் வாய்க்குழி நீளமாக இருக்கும், மொட்டு இருப்பதே தெரியாது.

கொக்கிப்புழுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது எப்போது? மாதிரி பழையதாகும்போது. கொக்கிப்புழு முட்டையாகத்தான் வெளியே வரும். வெப்பமான இடத்தில் ஒரு நாள் கிடந்தால் முட்டை பொரிந்து லார்வாவாகி, புனலில் இறங்கி நம்மைக் குழப்பும். மலக்குடலிலிருந்து எடுத்து ஒரு மணி நேரத்தில் வைத்த மாதிரியில் அந்தச் சிக்கல் இல்லை. புதிய மாதிரி என்பது லார்வாவின் உயிருக்காக மட்டுமல்ல, அடையாளத்தின் நம்பகத்துக்காகவும்தான்.

வண்டலில் பல அளவில் புழுக்கள், அவற்றில் சில வயிற்றில் முட்டையோடு வளர்ந்த புழுக்கள் என்று தெரிந்தால், அது பெரும்பாலும் மண்ணில் தன்னிச்சையாக வாழும் புழு. தரையில் கிடந்ததை அள்ளியிருப்பார்கள். இரண்டு மூன்று நாள் பழைய மாதிரியில் ஸ்ட்ராங்கிலாய்டஸும் வெளியிலேயே வளர்ந்து இப்படித் தோன்றும் என்பதால், இதை வைத்து வாதாடாமல் மலக்குடலிலிருந்து வேறு மாதிரி கேட்பதே சரி. அதற்கும் அப்படியே வந்தால் உங்கள் நீரைச் சந்தேகியுங்கள். பொட்டலம் இல்லாமல் வெறும் நீரும் காஸ் துணியும் மட்டும் ஒரு புனலில் இரவு வைத்துப் பாருங்கள். அதிலும் புழு வந்தால் குழாய்நீரில் இருக்கிறது, அல்லது போன சோதனையின் மிச்சம் ரப்பர் குழாயில் இருக்கிறது. ரப்பரைக் கழற்றிக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும்.

கையுறை இல்லாமல் இதில் எதையும் செய்யக்கூடாது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஸ்டெர்கோராலிஸ் நாய்க்கும் மனிதருக்கும் பொது. மூன்றாம் நிலை லார்வா தோலைத் துளைத்து உள்ளே போகும். ஓரிரு நாள் அறையில் கிடந்த மாதிரியில் அது இருக்கலாம். ஒல்லியான உடல், உடலின் பாதி நீளத்துக்கு உணவுக்குழல், நுனி பிளந்ததுபோன்ற வால் ஆகியவை கண்டால் அதுதான் என்று கொள்ளுங்கள். மேசையையும் மீதி மாதிரியையும் அதற்கேற்பக் கையாளுங்கள்.

அறிகுறி 5: எல்லாம் சரியாகச் செய்தும் இல்லை, நோயோ இருக்கிறது

முதலில், தேடும் புழு இந்தச் சோதனையில் வரக்கூடியதா என்று பாருங்கள். ஆடுமாடுகளின் ஸ்ட்ராங்கிலாய்டஸ் பாப்பில்லோசஸ், பன்றியின் ஸ்ட்ராங்கிலாய்டஸ் ரான்சோமி, குதிரைக்குட்டியின் ஸ்ட்ராங்கிலாய்டஸ் வெஸ்டெரி ஆகியவை புதிய மலத்தில் லார்வா உள்ளடங்கிய முட்டையாகவே வரும். பன்றியின் நுரையீரல் புழுவான மெட்டாஸ்ட்ராங்கைலஸும் அப்படியே. இவற்றுக்கு மிதக்கவிடும் சோதனைதான். நாயின் மூச்சுக்குழாயில் முடிச்சு உண்டாக்கும் ஆஸ்லெரஸ் ஆஸ்லெரியின் லார்வா மலத்தில் வந்தாலும் மிக மந்தமானது. பேர்மன் புனல் அதைப் பெரும்பாலும் தவறவிடும், துத்தநாக சல்பேட் மிதவை அதற்கு மேல்.

அடுத்தது காலம். மாட்டின் நுரையீரல் புழு உள்ளே போய் லார்வா மலத்தில் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். கன்று அதற்கு முன்பே இருமத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் புனல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் காலியாகவே இருக்கும், அது சோதனையின் பிழை ஆகாது. ஒருமுறை நோய் வந்து எதிர்ப்பு பெற்ற பெரிய மாடு மறுபடி நிறைய லார்வாவை மேய்ந்தாலும் இருமும், மலத்திலோ ஒன்றும் வராமல் போகலாம்.

மூன்றாவது, லார்வா தினமும் ஒரே அளவில் வருவதில்லை. குறிப்பாக ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸிலும் ஸ்ட்ராங்கிலாய்டஸிலும் இன்று இல்லாதது நாளை வரும். மூன்று நாள் அடுத்தடுத்து எடுத்த மாதிரிகளைத் தனித்தனியாக வைப்பது சிறந்தது. முடியாவிட்டால் மூன்றையும் சேர்த்து ஒரே பொட்டலமாக வைக்கலாம், ஆனால் முதல் நாள் மாதிரி மூன்றாம் நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும், இடையில் முட்டை பொரியக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. நான் அறிக்கையில் "இல்லை" என்று மட்டும் எழுதுவதில்லை. "8 கிராம், எடுத்து ஒரு மணி நேரத்தில் வைத்தது, 14 மணி நேரம், ஒரு மாதிரி, லார்வா காணவில்லை" என்று எழுதுகிறேன். இரண்டாவது மாதிரி கேட்பதா வேண்டாமா என்று மருத்துவர் அதைப் படித்தே முடிவு செய்துகொள்வார்.

அந்தக் குட்டிக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்த மாதிரிகளையும் மூன்று நாள் வைத்தோம். முதல் இரண்டு நாள் வண்டல் சுத்தம். மூன்றாம் நாள் இரண்டு லார்வாக்கள், இரண்டும் துடிப்போடு. மருத்துவர் மறுபடியும் மருந்து கொடுத்தார். கூடத்திலிருந்த மற்ற நாய்களின் மாதிரிகளும் அதற்கு அடுத்த நாள் வந்து சேர்ந்தன, இம்முறை ஃபிரிட்ஜைத் தொடாமல்.